"நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார் பேராசிரியர். என்ன செய்வது?

கேள்வி

சார், தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்தேன். இப்போது ஓசூரில் தண்ணீர் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நீர்வளம் சம்பந்தமான ஓர் எராஸ்மஸ் முண்டஸ் படிப்புக்கு ஸ்காலர்ஷிப்போடு விண்ணப்பிக்கப் போகிறேன். ஜனவரி 10 கடைசி நாள். இரண்டு பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். ஒன்றைப் பிரின்சிபாலிடம் வாங்கினால் வெயிட்டாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் அவருக்கு என்னைத் தெரியாது. எச்ஓடி சார் "நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். என் புராஜெக்ட் கைடு மேடம் ஜிமெயில்தான் வைத்திருக்கிறார். அவர் பெயரில் நானே ஒரு மெயில் ஐடி ஆரம்பித்துக் கடிதத்தை ஏற்றிவிடலாம் என்கிறாள் தோழி. என் சாதனைகள் 14 எழுதி இணைத்திருக்கிறேன். இதை அப்படியே அவர்களுக்குக் கொடுத்தால் போதுமா? புராஜெக்ட்டில் முதல் 30 மாதிரிகளைத் தப்பாக அளந்து மறுபடி செய்தேன், அதைச் சொல்லக் கூடாதுதானே? பி.எஸ்சி.யில் ஓர் அரியர் இருந்தது, அதை மறைக்கலாமா? அவர்கள் என்ன எழுதினார்கள் என்று நான் பார்க்கக் கேட்கலாமா?

பதில்

வணக்கம்மா. நீங்கள் "சொல்லக் கூடாதுதானே" என்று கேட்டிருக்கிற அந்த 30 மாதிரிகள்தான் உங்கள் பட்டியலிலேயே உருப்படியான விஷயம். மற்றவற்றில் பெரும்பாலானவற்றைப் பேராசிரியரிடம் கொடுக்கவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

எராஸ்மஸ் முண்டஸ் என்பது ஒரே பல்கலைக்கழகம் நடத்தும் படிப்பு அல்ல, பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்துவது. ஸ்காலர்ஷிப் கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ வீதம் அதிகபட்சம் 24 மாதத்துக்குக் கொடுப்பார்கள். அதனால் உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பங்கள் வந்து குவியும். அந்தக் கூட்டமைப்பின் பேராசிரியர்கள்தான் உட்கார்ந்து படிப்பார்கள். அவர்கள் கையில் உங்கள் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது, பயோடேட்டா இருக்கிறது, ஏன் இந்தப் படிப்பு வேண்டும் என்று நீங்களே எழுதிய ஊக்கக் கடிதம் இருக்கிறது. அப்புறம் எதற்குப் பரிந்துரைக் கடிதம்? இந்த மூன்றிலும் தெரியாத ஒன்றை, உங்களைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். லேபில் ஒரு வேலை கெட்டுப்போனால் இந்தப் பெண் என்ன செய்வாள்? யாரும் சொல்லாமலே சந்தேகப்படுவாளா? சொன்னதை மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாளா? அவர்கள் தேடுவது இதற்கான பதிலை.

நம் கல்லூரிகளில் எழுதப்படும் பரிந்துரைக் கடிதங்களில் பாதிக்கு மேல், டி.சி.யோடு தருகிற நன்னடத்தைச் சான்றிதழை நீட்டி எழுதியது மாதிரி இருக்கும். "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், ஆசிரியர்களுக்குக் கீழ்ப்படிபவர், இவர் வாழ்வில் எல்லா வளமும் பெற வாழ்த்துகிறேன்." இதை எந்த மாணவிக்கு வேண்டுமானாலும் எழுதலாம். படிக்கிறவருக்கு அது தெரியும். அதில் ஆசிரியரின் தப்பு பாதிதான். மாணவர்கள் அவரிடம் தகவல் எதுவும் கொடுக்காமல் "ஒரு லெட்டர் வேணும் சார்" என்று மட்டும் கேட்டால் அவர் வேறு என்னதான் எழுதுவார்? வருடா வருடம் புதுப் புது பேட்ச் வருகிறது. போன வருடத்துக்கு முந்தின வருடம் நீங்கள் லேபில் என்ன செய்தீர்கள் என்பது அவருக்கு நினைவிருக்காது. அவருடைய நினைவைத் தூண்டுவதுதான் உங்கள் கடிதத்தின் வேலை. அவர் பார்க்காத ஒன்றை அவர் வாயில் போடுவது அதன் வேலை இல்லை. இந்தக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் மீதியெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

யாரிடம் கேட்பது

பிரின்சிபால் வேண்டாம். பெரிய பதவி இருந்தால் கடிதத்துக்கு வெயிட் கூடும் என்பது நம் ஊர்க் கணக்கு, அங்கே அது செல்லாது. பல திட்டங்களில் பரிந்துரைப் படிவத்தின் முதல் கேள்வியே "இவரை எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும்?" என்பதுதான். அதற்குப் பிரின்சிபால் என்ன எழுதுவார்? "எங்கள் கல்லூரி மாணவி" என்று எழுதினால் கடிதம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

முதல் கடிதம் உங்கள் கைடு மேடத்திடம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அவர் உதவிப் பேராசிரியர்தானே என்ற தயக்கம் உங்களுக்கு இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள். ஒரு வருடம் உங்களோடு லேபில் நின்றவர் அவர்தான்.

இரண்டாவது கடிதத்துக்கு உங்களிடம் இரண்டு வழி இருக்கிறது. எச்ஓடி சார் உங்களுக்குப் பகுப்பாய்வு வேதியியல் நடத்தியவர் என்று இணைப்பில் எழுதியிருக்கிறீர்கள். ஓசூர் லேபின் மேலாளர் உங்கள் இப்போதைய வேலையை நேரில் பார்க்கிறவர். சில திட்டங்கள் இரண்டுமே கல்லூரி ஆசிரியரிடமிருந்து வர வேண்டும் என்கின்றன, சில ஒன்று வேலை இடத்திலிருந்து வரலாம் என்கின்றன. அந்தப் படிப்பின் இணையதளத்தில் விண்ணப்ப ஆவணங்கள் பகுதியில் இது தெளிவாக இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். அனுமதி இருந்தால் என் ஓட்டு லேப் மேலாளருக்கு. இரண்டு கடிதமும் உங்கள் கல்லூரி நாட்களையே பேசுவதைவிட, ஒன்று அப்போது, ஒன்று இப்போது என்று இருப்பது நல்லது. ஒரே சிக்கல், நீங்கள் வேலையை விட்டுப் போகப் போகிறீர்கள் என்று இப்போதே அவருக்குத் தெரிந்துவிடும். அது உங்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆபத்து என்றால் எச்ஓடி சாரிடமே போங்கள்.

"நீயே எழுதி வா" என்றால்

எச்ஓடி சார் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இது நம் கல்லூரிகளில் காலங்காலமாக நடப்பது, ஆசிரியருக்கு நேரமில்லை, ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதச் சிலருக்குத் தயக்கமும் உண்டு. ஆனால் இதில் நஷ்டம் உங்களுக்குத்தான். இரண்டு கடிதங்களையும் ஊக்கக் கடிதத்தையும் ஒரே ஆள் எழுதினால் மூன்றிலும் ஒரே வாக்கிய அமைப்பு, ஒரே பிடித்தமான வார்த்தைகள், ஒரே இடத்தில் ஒரே இலக்கணப் பிழை. அடுத்தடுத்து மூன்றையும் படிக்கிறவர் கண்ணில் அது படாமல் போகாது. தவிர, நாமே நம்மைப் புகழ்ந்து எழுதும்போது ஒன்று கூச்சப்பட்டு மொட்டையாக எழுதுவோம், இல்லை அளவு தெரியாமல் அள்ளிவிடுவோம். விண்ணப்பத்தில் "கொடுத்த ஆவணங்கள் உண்மையானவை" என்று உறுதிமொழி வேறு கொடுக்கிறீர்கள். அது பொய் என்று தெரிந்தால் விண்ணப்பத்தைத் தள்ளவும், பின்னால் தெரியவந்தால் ஸ்காலர்ஷிப்பையே திரும்பப் பெறவும் அவர்களுக்கு இடம் இருக்கிறது.

ஆகவே சாரிடம் மறுத்துப் பேச வேண்டாம், இப்படிச் சொல்லுங்கள்: "சார், முழுக் கடிதமாக எழுதாமல், உங்களுக்குத் தேவையான விவரங்களை ஒரே தாளில் கொண்டுவந்திருக்கிறேன். நீங்கள் பார்த்ததில் எது சரியோ அதை மட்டும் எழுதினால் போதும் சார்." பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள், ஏனென்றால் பாதி வேலை முடிந்துவிட்டது. டைப் செய்ய நேரமில்லை என்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்யலாம், தவறில்லை. கருத்தும் சொல்லும் அவருடையவை. முடித்ததும் அவரே ஒருமுறை படித்துத் திருத்தட்டும். அதுவும் முடியாது, நீயே எழுது என்று பிடிவாதமாக நின்றால், தயவுசெய்து வேறு ஒருவரைத் தேடுங்கள்.

தோழி சொன்ன யோசனையை மட்டும் தொடவே தொடாதீர்கள். மேடம் பெயரில் நீங்கள் மெயில் ஐடி ஆரம்பித்துக் கடிதம் ஏற்றுவது ஆள்மாறாட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கணினி வழியாக இன்னொருவராக நடித்து ஏமாற்றுவதற்கு 3 வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. வழக்கு வரை போகுமா என்பது வேறு பேச்சு. கல்லூரி இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போட்டு "மேடம், இந்தக் கடிதம் நீங்கள் எழுதியதுதானா?" என்று கேட்டால் அன்றோடு எல்லாம் முடிந்தது. மேடத்தின் பெயரும் கெடும். அவருடைய உண்மையான ஜிமெயிலே போதும், அதற்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

14 எப்படி 4 ஆகிறது

உங்கள் பட்டியலில் ஒவ்வொரு வரியிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைக் கைடு மேடம் தன் கண்ணால் பார்த்தாரா?

பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளி முதலிடம். பார்க்கவில்லை, நீக்குங்கள். என்பிடெல் சான்றிதழ்கள் மூன்று. நல்ல விஷயம்தான், நேரில் போய்த் தேர்வு எழுதி வாங்கியவை, ஆனால் அது பயோடேட்டாவில் இருக்க வேண்டியது, மேடம் அதைப் பற்றி என்ன சொல்ல முடியும்? வெபினார் பங்கேற்புச் சான்றிதழ்கள் ஐந்து. பயோடேட்டாவிலேயே வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு கூகுள் படிவத்தை நிரப்பினாலே சான்றிதழ் வந்துவிடுகிறது என்பது உலகத்துக்கே தெரியும். கோலப் போட்டி, ரத்ததானம் இரண்டும் உங்கள் நல்ல குணத்தைக் காட்டும், நிலத்தடி நீர் படிக்க வருகிறவளைப் பற்றி எதுவும் சொல்லாது. என்.எஸ்.எஸ். ஏழு நாள் முகாமுக்கு மேடமே திட்ட அலுவலராக வந்திருந்தால் யோசிக்கலாம், அவர் வரவில்லை, ஆகவே நீக்கம்.

மிஞ்சுவது நான்கு. ஒன்று, 34 பேர் படித்த வகுப்பில் நீங்கள் இரண்டாம் இடம். இதை எண்ணோடு சொல்வது முக்கியம், ஏனென்றால் பல படிவங்களில் "இந்த மாணவர் உங்கள் மாணவர்களில் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா" என்று ஒரு கட்டம் வரும். மேடம் குத்துமதிப்பாக டிக் அடிப்பதைவிடக் கையில் எண் இருப்பது நல்லது. 34இல் 2 என்றால் முதல் 6 சதவீதத்துக்குள், ஆகவே 10 சதவீதக் கட்டத்தை அவர் மனசாட்சியோடு டிக் அடிக்கலாம்.

இரண்டு, புராஜெக்ட். நீங்கள் எழுதியிருப்பது: "நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றி வெற்றிகரமாக ஆய்வு செய்து முடித்தேன்." வெற்றிகரமாக என்ற சொல்லை எடுத்துவிட்டால் இந்த வரியில் என்ன இருக்கிறது? இணைப்பில் இருக்கிற புராஜெக்ட் சுருக்கத்தில் எல்லாம் இருக்கிறது: 6 கிராமம், 42 ஆழ்துளைக் கிணறு, மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, மொத்தம் 84 மாதிரி. 17 கிணறுகளில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல், அதாவது வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில்கூட இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிற உச்ச வரம்பைத் தாண்டி. பல்லில் கறை படிந்த பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்த ஊரிலிருந்து வந்து இதை அளந்திருக்கிறீர்கள். எண்களை எழுதுங்கள், அடைமொழியை விடுங்கள்.

மூன்று, அந்த 30 மாதிரிகள். நடந்தது இது. ஃப்ரிட்ஜில் வைத்திருந்த பாட்டில்களை வெளியே எடுத்து, அறை வெப்பநிலைக்கு வருவதற்கு முன்பே ஃபுளோரைடு எலக்ட்ரோடால் அளந்துவிட்டீர்கள். எலக்ட்ரோடு தருகிற மில்லிவோல்ட் வெப்பநிலையைப் பொறுத்து மாறும், 25 டிகிரியில் செறிவு பத்து மடங்கு மாறினால் சுமார் 59 மில்லிவோல்ட் மாற வேண்டும் என்பதுதான் கணக்கு. நியமக் கரைசல் அறை வெப்பத்தில், மாதிரி குளிரில் என்றால் அந்தக் கணக்கு உதைக்கும். மீட்டரில் எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மேடம் கேட்காமலே மறுநாள் ஐந்து மாதிரிகளைத் திரும்ப அளந்து பார்த்தீர்கள், எண்கள் ஒத்துவரவில்லை, காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, 30ஐயும் முதலிலிருந்து செய்துவிட்டு, அதைப் புராஜெக்ட் அறிக்கையிலும் எழுதினீர்கள். உங்களுக்கு இது வெட்கமாக இருக்கிறது. தேர்வுக் குழுவில் இருக்கிற நீர் வேதியியல்காரர் இதைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார். ஏனென்றால் தப்பு நேராத லேப் கிடையாது, தப்பைத் தானே பிடிக்கிற மாணவிதான் அபூர்வம். இதை நீங்களே ஊக்கக் கடிதத்தில் எழுதினால் தற்பெருமை மாதிரி ஒலிக்கும், மேடம் எழுதினால் அது சாட்சி.

நான்கு, முடிவுகளைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதி, எந்தக் கிணறு குடிக்க ஆகாது என்று வரைபடத்தில் குறித்து ஊராட்சித் தலைவரிடம் மேடத்தோடு போய்க் கொடுத்தது. இது உங்கள் பட்டியலில் பதின்மூன்றாவதாக, ரத்ததானத்துக்குக் கீழே இருந்தது!

எச்ஓடி சாருக்கு இதே தாளைக் கொடுக்காதீர்கள். அவர் பார்த்தது வேறு. பகுப்பாய்வு வேதியியல் தாளில் வாங்கிய மதிப்பெண், ஜூனியர்களுக்கு டைட்ரேஷன் செய்முறை வகுப்பில் உதவச் சொல்லி அவர் உங்களை நிறுத்தியது, துறைக் கருத்தரங்கில் நீங்கள் பேசியபோது வந்த கேள்விகளுக்குப் பதில் சொன்ன விதம், இவை அவருடைய தாளில். இரண்டு கடிதமும் ஒரே கதையைச் சொன்னால் இரண்டாவது வீண்.

மேடத்துக்கு அனுப்ப ஒரு மாதிரிக் கடிதம்

நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள் என்று நினைக்கிறேன், அனுப்புங்கள். வரிசையும் அளவும் தெரிவதற்காகத் தமிழில் தருகிறேன்.

> பொருள்: எராஸ்மஸ் முண்டஸ் ஸ்காலர்ஷிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டி (டிசம்பர் 20க்குள்)
>
> மதிப்பிற்குரிய மேடம்,
>
> வணக்கம். நான் (பெயர்), உங்களிடம் ஃபுளோரைடு புராஜெக்ட் செய்த எம்.எஸ்சி. மாணவி. இப்போது ஓசூரில் தண்ணீர் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன்.
>
> நிலத்தடி நீர் தொடர்பான எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைப் படிப்புக்கு ஸ்காலர்ஷிப்போடு விண்ணப்பிக்கிறேன். என் லேப் வேலையை நேரில் பார்த்தவர் நீங்கள் என்பதால் உங்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கிறேன். எனக்காக நல்ல கடிதம் ஒன்று எழுத முடியும் என்று உங்களுக்குத் தோன்றினால் மட்டும் சொல்லுங்கள் மேடம். நேரமில்லை என்றாலும் தவறாக நினைக்க மாட்டேன்.
>
> தேர்வில் அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது ஆய்வுத் திறனும் தனியாக வேலை செய்யும் திறனும் என்று அறிவிப்பில் இருக்கிறது. உங்கள் நினைவுக்காகச் சில விவரங்கள். இவற்றில் உங்களுக்குச் சரி என்று படுவதை மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்:
>
> – 34 பேர் வகுப்பில் இறுதி மதிப்பெண்ணில் இரண்டாம் இடம்.
>
> – புராஜெக்ட்: 6 கிராமங்களில் 42 ஆழ்துளைக் கிணறுகள், மழைக்கு முன்னும் பின்னும் 84 மாதிரிகள். 17 கிணறுகளில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல்.
>
> – முதல் 30 மாதிரிகளைக் குளிர்ச்சியாகவே அளந்துவிட்டேன். மறுநாள் ஐந்தைத் திரும்ப அளந்தபோது எண்கள் ஒத்துவரவில்லை. காரணம் வெப்பநிலை என்று கண்டுபிடித்து உங்களிடம் வந்து சொன்னேன், 30ஐயும் மறுபடி செய்தோம். அறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்தில் இது இருக்கிறது.
>
> – முடிவுகளை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக எழுதி, உங்களோடு வந்து ஊராட்சித் தலைவரிடம் கொடுத்தேன்.
>
> பயோடேட்டா, மதிப்பெண் பட்டியல், புராஜெக்ட் சுருக்கம், படிப்பின் அறிவிப்பு நான்கையும் இணைத்திருக்கிறேன். நீங்கள் சம்மதம் சொன்ன பிறகு உங்கள் மெயிலுக்கு அவர்களிடமிருந்து நேரடியாக ஒரு லிங்க் வரும், கடிதத்தை அதில்தான் ஏற்ற வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாள் ஜனவரி 10. டிசம்பர் 20க்குள் முடிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.
>
> இந்த வாரம் நேரில் வந்து பேச உங்களுக்கு எந்த நாள் வசதி என்று சொல்லுங்கள் மேடம்.
>
> நன்றியுடன்,
> (பெயர், பதிவு எண், கைப்பேசி எண்)

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். "நல்ல கடிதம் எழுத முடியும் என்று தோன்றினால் மட்டும்" என்ற வரி சும்மா மரியாதைக்கு இல்லை. அரைமனதோடு எழுதப்படும் கடிதம் கடிதமே இல்லாததைவிட மோசம், ஆகவே ஆசிரியருக்குக் கௌரவமாக மறுக்க ஒரு வழி விட வேண்டும். "உங்களிடம் வந்து சொன்னேன்", "உங்களோடு வந்து" என்று நடந்ததை அவரோடு இணைத்திருப்பதைப் பாருங்கள், அதனால்தான் அவருக்கு அந்த நாள் ஞாபகம் வரும். "மிகச் சிறந்த", "அயராத" போன்ற சொற்கள் எதுவும் இல்லை. அதெல்லாம் அவர் எழுத வேண்டியது, எழுதினால்.

ஜனவரி 10க்கு எதற்கு டிசம்பர் 20? நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் திருத்தம். அது முடிந்தால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் நெருக்கம். ஜனவரி முதல் வாரத்தில் நம் ஆசிரியர்களைப் பிடிப்பது கஷ்டம். கடைசி நாள் இரவு அந்த இணையதளமும் திணறும்.

மெயில், லிங்க், லெட்டர்ஹெட்

இப்போது ஜிமெயில் விஷயம். சில திட்டங்கள் பரிந்துரைப்பவரின் மெயில் கல்லூரி முகவரியாக இருக்க வேண்டும் என்று கேட்கும், சில கேட்காது. அரசுக் கல்லூரிகளில் பலருக்குத் தனி அலுவல் மெயில் இல்லை என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. கல்லூரிக்கு அலுவல் மெயில் இருந்தால், அதிலிருந்து பிரின்சிபால் அலுவலகம் ஒரு வரி அனுப்பலாம்: "இன்னார் எங்கள் வேதியியல் துறை உதவிப் பேராசிரியர், இந்த மெயில் முகவரி அவருடையதே." பிரின்சிபாலிடம் நீங்கள் கேட்க வேண்டிய உதவி இதுதான், கடிதம் இல்லை. கூடவே அந்தத் திட்டத்தின் அலுவலகத்துக்கு முன்கூட்டியே மெயில் போட்டு, ஜிமெயில் ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள். நாகரிகமாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் வரும், அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடிதம் கல்லூரி லெட்டர்ஹெட்டில், தேதி, கையெழுத்து, பதவி, தொலைபேசி எண்ணோடு இருக்க வேண்டும். போனில் படம் பிடித்த கோணல் நிழல் விழுந்த கடிதங்களைப் பார்த்திருக்கிறேன், நூலகத்தில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கச் சொல்லுங்கள். லிங்க் வழியாக ஏற்றும் முறை என்றால், உங்கள் விண்ணப்பத்தில் மேடத்தின் மெயிலை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் தட்டுங்கள். லிங்க் போனதும் ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லிப் போன் செய்யுங்கள், இது எல்லா வருடமும் நடக்கிற கூத்து. அவர் ஏற்றிவிட்டாரா என்பது பெரும்பாலான தளங்களில் உங்கள் பக்கத்திலேயே தெரியும். டிசம்பர் 15 வரை எதுவும் வரவில்லை என்றால் ஒரு நினைவூட்டல் மெயில், 20க்கு ஒரு போன். அதற்கு மேல் தினமும் வாட்ஸப்பில் "மேடம்?" என்று அனுப்பாதீர்கள்.

பார்க்கலாமா, மறைக்கலாமா

கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்று நினைத்துக் கேட்க வேண்டாம். எழுதுவதே அவர் விருப்பம், எந்தச் சட்டமும் விதியும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, மறுத்தால் காரணம் சொல்லவும் தேவையில்லை. நேரடியாக ஏற்றும் முறையில் கடிதம் அவருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் இருப்பது. அவராகக் காட்டினால் பாருங்கள், பெயர் எழுத்துப் பிழையோ கிணறுகளின் எண்ணிக்கையோ தவறாக இருந்தால் சொல்லுங்கள், புகழ்ச்சி குறைவாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். நாளைக்கு அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தால் அங்கே 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, சேர்ந்த பிறகு உங்கள் கோப்பில் இருக்கும் கடிதத்தைப் பார்க்கும் உரிமை உண்டு, அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டமும் இருக்கும். விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம், மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்து எழுதிய கடிதத்தை அவர்கள் கூடுதலாக நம்புகிறார்கள்.

அரியரை மறைக்க முடியாது, மதிப்பெண் பட்டியலிலேயே தெரியும். பி.எஸ்சி. நான்காம் செமஸ்டரில் கணிதத் துணைப்பாடத்தில் ஒன்று, அடுத்த தேர்விலேயே முடித்துவிட்டீர்கள். இதற்காக மேடத்தின் கடிதத்தில் ஒரு வரியைக்கூட வீணாக்க வேண்டாம், அவர் அப்போது உங்களுக்குப் பாடம் எடுக்கவும் இல்லை. ஊக்கக் கடிதத்திலும் அதை இழுக்காதீர்கள். நேர்காணலில் கேட்டால், அந்த செமஸ்டரில் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு எம்.எஸ்சி. மதிப்பெண்ணுக்கு வந்துவிடுங்கள்.

மேடத்துக்கான மெயிலை இந்த வாரமே அனுப்புங்கள். புராஜெக்ட் அறிக்கையின் பிரதி ஒன்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், அந்த மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு ஸ்லிப் வைத்துக் கொடுங்கள், அவர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.